எல்லோரும் புட் வாங்கும் நாளில்

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. கொரோனா பீதியில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஒரே நாளில் 9.5 சதவீதம் சரிந்து 2,480 புள்ளிகளில் முடிந்தது. 1987 அக்டோபருக்குப் பிறகு அப்படியொரு நாளை வால் ஸ்ட்ரீட் பார்த்ததில்லை. அன்று சிகாகோவின் ஆப்ஷன் சந்தையான சிபோவில் 100 கால் ஆப்ஷன் கைமாறினால், கூடவே ஏறக்குறைய 180 புட் ஆப்ஷன் கைமாறியது. சாதாரண நாட்களில் இந்த எண்ணிக்கை பெரும்பாலும் நூறைத் தொடாது.

விலை ஏறும் என்று நம்புகிறவர் கால் வாங்குவார். இறங்கும் என்று அஞ்சுகிறவர் புட் வாங்குவார். புட் வர்த்தகத்தைக் கால் வர்த்தகத்தால் வகுத்தால் வருவதுதான் புட்-கால் விகிதம், சுருக்கமாகப் பிசிஆர். இதைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க முதலீட்டாளர் மார்ட்டின் ஸ்வைக். பயம் எல்லை மீறும்போது வாங்கு, பேராசை எல்லை மீறும்போது ஒதுங்கு என்பதே இதன் எதிர்மறை வாசிப்பு.

வீம்புக்காக ஊரோடு முரண்படுவதல்ல இது. பயந்தவர்கள் எல்லோரும் விற்றோ, புட் வாங்கியோ முடித்த பிறகு, புதிதாக விற்க வருபவர்கள் குறைந்துபோகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் புட்களை விற்ற டீலர்கள், தங்கள் ஆபத்தைக் குறைக்க ஃபியூச்சர்ஸை ஷார்ட் செய்து வைத்திருப்பார்கள். பீதி தணிந்து புட்டின் மதிப்பு கரையத் தொடங்கியதும் அந்த ஷார்ட்டை அவர்கள் திரும்ப வாங்கியாக வேண்டும். ஏற்றத்துக்கு அதுவே எண்ணெய் வார்க்கிறது.

ஆனால் மார்ச் 12 அன்றே துணிந்து வாங்கியவருக்கு என்ன நடந்தது? மறுநாள் குறியீடு 9 சதவீதத்துக்கு மேல் எகிறியது. திங்கட்கிழமை 12 சதவீதம் விழுந்தது. மார்ச் 23 அன்று 2,237-இல் முடிந்தபோது அவர் ஏறக்குறைய 10 சதவீத நஷ்டத்தில் இருந்தார். அதுதான் அடிமட்டம், ஆகஸ்ட் 18 அன்று குறியீடு புதிய உச்சத்தில் முடிந்தது. எச்சரிக்கை மணி சரியாகத்தான் அடித்தது, ஏழு வர்த்தக நாட்கள் முன்கூட்டியே. கடன் வாங்கிப் போட்டவருக்கு அந்த ஏழு நாள் போதும், கணக்கை முடித்துவிட.

ஒரு நாள் எண்ணை நம்பக்கூடாது என்பதால்தான் அனுபவசாலிகள் 10 நாள் சராசரியைப் பார்க்கிறார்கள். ஒன்பது நாள் 0.60 ஆக இருந்த விகிதம் பத்தாம் நாள் 1.20-க்குத் தாவினாலும் சராசரி 0.66-தான். ஒரு எக்ஸ்பைரி நாளின் சலசலப்பு இப்படி அமுங்கிவிடும். பயம் நாள் கணக்கில் நீடித்தால்தான் சராசரி மேலே போகும். இதற்கும் விலை உண்டு: சராசரி எப்போதும் நாலைந்து நாள் பின்தங்கியே வரும்.

எவ்வளவு போனால் ‘உச்சம்’? நிலையான எண் எதுவும் கிடையாது. சந்தையின் வழக்கம் மாற மாற, இயல்பான விகிதமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் கடந்த ஓராண்டை, அதாவது சுமார் 250 வர்த்தக நாட்களை, அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. ஓராண்டு சராசரி 0.62, திட்ட விலக்கம் 0.07 என்று வைத்துக்கொண்டால், இரண்டு விலக்கம் மேலே 0.76. பத்து நாள் சராசரி அதைத் தாண்டினால் பயம் முற்றிவிட்டது என்று பொருள். தாண்டிய உடனே பாயாமல், சராசரி உச்சம் தொட்டுக் கீழே திரும்பும்வரை பொறுப்பது பல நாள் வலியைத் தவிர்க்கும்.

கீழ் எல்லை இந்த அளவுக்கு உதவாது. 2020 கோடையிலிருந்து 2021 தொடக்கம் வரை அமெரிக்கச் சில்லறை முதலீட்டாளர்கள் கால்களை அள்ளிக் குவித்தார்கள். தனிப் பங்குகளின் விகிதம் மாதக்கணக்கில் தரையோடு தரையாகக் கிடந்தது. பேராசை மிஞ்சிவிட்டது என்று ஜூனில் விற்று வெளியேறியவர், அடுத்த பல மாத ஏற்றத்தை வேடிக்கைதான் பார்த்தார். பீதி சட்டென்று தீர்ந்துபோகும், ஆசை அப்படித் தீர்வதில்லை.

எண்ணே ஏமாற்றுவதும் உண்டு. 2022 கடைசியில் தனிப் பங்குகளின் பிசிஆர் திடீரென 1-ஐத் தாண்டிப் பறந்தது. அதில் பெரும்பகுதி பயமே அல்ல. வட்டி விகிதம் ஏறியதால், ஆழமாக லாபத்தில் இருந்த புட்களை முன்கூட்டியே பயன்படுத்தி வட்டி ஆதாயம் பார்த்த தொழில்முறை வர்த்தகம் அது. குறியீட்டு ஆப்ஷன்களிலும் இதே சிக்கல்: பெரிய நிதிகள் பாதுகாப்புக்காகத் தொடர்ந்து புட் வாங்குவதால் அங்கே விகிதம் 1-க்கு மேல் இருப்பது சகஜம்.

நம்மூர் டிவியில் சொல்லும் நிஃப்டி பிசிஆர் பெரும்பாலும் வர்த்தக அளவில் அல்ல, ஓப்பன் இன்ட்ரஸ்ட்டில் கணக்கிடப்படுகிறது. புட் எழுதியவர்கள் கீழே தாங்கிப் பிடிப்பார்கள் என்ற கணக்கில், உயர்ந்த எண்ணை இங்கே பலர் பயமாக அல்ல, பலமாகவே வாசிக்கிறார்கள். ஆகவே யாராவது “பிசிஆர் 1.4, வாங்கலாம்” என்றால், எந்தப் பிசிஆர், எத்தனை நாள் சராசரி, கடந்த ஓராண்டில் அது எங்கே நிற்கிறது என்ற மூன்றையும் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.