அக்கா கொடுத்த மெத்தை

எனக்கு எட்டாம் மாதம். கிள்ளானிலிருந்து அக்கா தம் மகனின் மரக் கட்டிலையும் மெத்தையையும் கொண்டு வந்து கொடுத்தார். காசு மிச்சம் என்று மகிழ்ந்தேன்.

மெத்தையைக் கட்டிலின் ஒரு மூலைக்குத் தள்ளிப் பார்த்தேன். எதிர்ப்பக்க இடைவெளியில் நான்கு விரல்கள் நுழைந்தன. இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால், குழந்தை அதில் சிக்கிக்கொள்ளலாம். துண்டைச் சுருட்டி அடைப்பதும் தவறு; அது முகத்தை மூடிவிடலாம்.

அடுத்து, நடுவில் உள்ளங்கையால் அழுத்தினேன். கையை எடுத்த பிறகும் பள்ளம் மறையவில்லை. குழந்தை குப்புறப் புரண்டால் மூக்கும் வாயும் அந்தப் பள்ளத்தில் புதையும். நமக்குக் கடினமாகத் தெரியும் மெத்தைதான் குழந்தைக்குப் பாதுகாப்பு.

பழைய மெத்தையே கூடாதா? 2002-இல் வெளிவந்த ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று, பிறர் வீட்டிலிருந்து வந்த பழைய மெத்தைக்கும் தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது. மெத்தைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் புதியதே நல்லது. முடியாவிட்டால், உறை கிழியாமல், உள்ளே ஈரம் இறங்காமல், உறுதியும் அளவும் சரியாக உள்ளதை மட்டும் ஏற்கலாம்.

அக்காவுக்கு முகம் வாடியது. அவர் கையையே மெத்தையில் அழுத்தச் சொன்னேன். “ஆமாம்மா, வேண்டாம்,” என்றார்.

கட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் உட்புற நீள அகலத்தை அளந்து, புதிய மெத்தை வாங்கினோம்.