பக்கவாட்டில் பெருத்துப்போன தலைமையாசிரியர்

ஓய்வுபெறும் தலைமையாசிரியரின் படத்தைப் பவர்பாயின்ட் ஸ்லைடில் வைக்கிறார்கள். வலப்பக்கம் காலியிடம் தெரிகிறது. படத்தைப் பிடித்து அதுவரை இழுத்துவிடுகிறார்கள். விழா மேடையில் ஒல்லியான மனிதரின் முகம் பூசணிக்காயாக விரிகிறது.

படத்தைச் சொடுக்கியதும் அதைச் சுற்றி எட்டுப் புள்ளிகள் தோன்றும். மூலையில் உள்ள நான்கைப் பிடித்து இழுத்தால் அகலமும் உயரமும் சேர்ந்தே வளரும். பக்கங்களின் நடுவில் உள்ள நான்கு அப்படியல்ல. ஒன்றை மட்டும் நீட்டும். `Lock aspect ratio` என்ற பூட்டு போட்டிருந்தாலும் இந்த நடுப்புள்ளிகளை அது தடுக்காது. பூட்டுதான் இருக்கிறதே என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

நல்லவேளையாக, இழுத்ததால் படம் கெடவில்லை. மூலப்படம் கோப்புக்குள் அப்படியே இருக்கிறது. காட்டும் அளவு மட்டுமே மாறியிருக்கிறது. படத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து `Size and Position` திறந்தால் `Scale Height`, `Scale Width` என இரண்டு சதவீதங்கள் தெரியும். நம் படத்தில் உயரம் 40, அகலம் 60 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வேறுபட்டாலே படம் நீண்டிருக்கிறது என்று பொருள். பூட்டை எடுத்துவிட்டு அகலத்தையும் 40 ஆக்கி, மறுபடி பூட்டினால் முகம் பழையபடி வந்துவிடும். `Reset Picture & Size` பொத்தானும் இதைச் செய்யும். ஆனால் நீங்கள் வெட்டிய வெட்டு, கூட்டிய வெளிச்சம் எல்லாவற்றையும் அது அழித்துவிடும். அவசரத்துக்கு அதைத் தொடாதிருப்பது நல்லது.

சரி, அந்தக் காலியிடத்தை என்ன செய்வது? இழுத்து நீட்டிய படத்தை அப்படியே தேர்ந்தெடுத்து, `Crop` பொத்தானின் கீழுள்ள அம்புக்குறியில் `Fill` கொடுங்கள். சட்டத்தின் அளவு மாறாது. உள்ளே இருக்கும் படம் சரியான விகிதத்துக்குத் திரும்பி, சட்டத்தை நிறைத்துக்கொள்ளும். நம் கணக்கில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு சட்டத்துக்கு வெளியே போய்விடும், மேலே பாதி, கீழே பாதியாக. தலைமையாசிரியரின் தலை வெட்டுப்பட்டால் படத்தை உள்ளேயே பிடித்துக் கீழே நகர்த்தினால் போதும். இடத்தை நிரப்ப வேண்டுமென்றால் இதுதான் சரியான வழி என்பேன்.

ஒரு சிக்கல் மட்டும் இதற்கு அகப்படாது. இரண்டு சதவீதமும் ஒன்றாக இருந்தும் முகம் அகலமாகத் தெரிந்தால், படம் உங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ நீட்டிச் சேமித்திருக்கிறார்கள். அப்போது மேற்சொன்ன எதுவும் உதவாது. படத்தில் நேராகப் பார்த்தபடி ஒரு வட்டம், சுவர்க் கடிகாரமோ சைக்கிள் சக்கரமோ, இருந்தால் அதை அளந்து பாருங்கள். அகலம் 3 சென்டிமீட்டர், உயரம் 2 என்றால், பூட்டை எடுத்துவிட்டு அகலத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறையுங்கள். வட்டமே இல்லையென்றால் படம் எடுத்தவரிடமே மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்.