"பள்ளிப் பக்கத்துல" என்றால் எந்தப் பள்ளி?



போன மழைக்காலத்தில் ஓர் இரவு, திருவிதாங்கோட்டில் மூச்சுத்திணறலில் கிடந்த ஒரு பெரியவருக்கு நம் டிரஸ்ட்டிலிருந்து ஆக்சிஜன் மெஷின் அனுப்பினோம். நாகர்கோவிலில் ஒரு மினி வேன் பிடித்து நானே ஏற்றிவிட்டேன். டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். வீட்டார் சொன்ன விலாசத்தை அப்படியே எழுதிக் கொடுத்தேன்: "திருவிதாங்கோடு, பள்ளிப் பக்கம், பால் சொசைட்டி எதிர்." வேன் தக்கலையைத் தாண்டும்போது மணி ஒன்பதேகால். வீட்டு வாசலில் நின்றபோது பத்து. அந்த முக்கால் மணி நேரத்துக்கு அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. குற்றம் நான் எழுதிய சீட்டில் இருந்தது.

அவன் என்ன செய்தான் என்று பிறகு கேட்டு அறிந்தேன். முதலில் ஒருவரிடம் "பள்ளி எங்கே?" என்றிருக்கிறான். அவர் பள்ளிக்கூடத்தைக் காட்டினார். இரண்டாமவர் அரப்பள்ளிக்கு வழி சொன்னார். தோமையார் காலத்தது என்று கிறிஸ்தவ சகோதரர்கள் சொல்லும் அந்தப் பழைய ஆலயமும் நம் ஊர்ப் பேச்சில் பள்ளிதானே. மூன்றாவது முறைதான் பள்ளிவாசலுக்கு வந்தான். அங்கே பால் சொசைட்டியைத் தேடினால், அது மூடிப் பல வருஷம் ஆகி, அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டால் எடுத்தது ஷார்ஜாவில் இருக்கும் மகன். அவர் ஊரைப் பார்த்து மூன்று வருஷம். "சொசைட்டி தாண்டி உள்ளே வாங்க" என்றே அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் வீடுகளில் இது அடிக்கடி நடப்பது. ஆர்டர் போடுவது வளைகுடாவில் இருக்கும் மகனோ மருமகனோ. அவர் மனதில் இருப்பது அவர் விட்டுப்போன ஊர். வாசலில் சாமானை வாங்க வேண்டிய உம்மாவின் நம்பர் அந்த விலாசத்தில் இருப்பதில்லை. டிரைவர் இரண்டு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு "விலாசம் கிடைக்கவில்லை" என்று பதிந்துவிட்டுப் போகிறார்.

ஊர்க்காரருக்கு அடையாளம் என்பது நினைவூட்டல். "பள்ளிப் பக்கம்" என்றதும் அவருக்குத் தெருவும் வீடும் ஏற்கெனவே தெரியும். எந்த வீடு என்று உறுதி செய்துகொள்கிறார், அவ்வளவுதான். வெளியூர் டிரைவருக்கு அது நினைவூட்ட ஒன்றுமே இல்லை. "பக்கம்" என்ற சொல் அவருக்கு ஒரு பெரிய வட்டத்தைத்தான் கொடுக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தினர் இந்திய முகவரிகளை ஆராய்ந்தபோது, சுமார் 80 சதவீத முகவரிகள் ஏதாவது ஓர் அடையாளத்தை ஒட்டியே எழுதப்பட்டிருப்பதையும், அந்த அடையாளம் உண்மையான வீட்டிலிருந்து 50 முதல் 1500 மீட்டர் வரை தள்ளி இருப்பதையும் கண்டார்கள். ஒன்றரை கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எத்தனை சந்து, எத்தனை கேட் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் அடையாளமே கூடாதா? அப்படியும் இல்லை. நிகராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. 1972 டிசம்பரில் வந்த நிலநடுக்கத்தில் நகரின் நடுப்பகுதி இடிந்தது. இன்றும் அங்கே, எப்போதோ இருந்த ஒரு சிறு மரத்தை வைத்து விலாசம் எழுதுகிறார்கள். ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. அந்த மரம் இருந்த இடத்திலிருந்து ஏரியை நோக்கி இரண்டு தெரு, பிறகு மேற்கே ஒரு தெரு என்று எழுதுகிறார்கள். ஏரி வடக்கே இருப்பதால் "ஏரிப் பக்கம்" என்றால் வடக்கு. நம் நாகர்கோவில் வேப்பமூடு ஜங்ஷனும் இந்த வகைதான். வேப்பமரத்தைத் தேடி அங்கே யாரும் போவதில்லை. பெயர் ஊரறிந்தது, பலகையிலும் இருக்கிறது. பழைய அடையாளம் என்பதால் மட்டும் கெட்டுப்போவதில்லை. அங்கிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்பது இல்லாததுதான் கோளாறு.

திசை சொல்லும்போது இன்னொரு சிக்கல் உண்டு. இடது, வலது எல்லாம் வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. தக்கலையிலிருந்து வருபவருக்கு இடதுபுறம் இருக்கும் சந்து, எதிர்ப்பக்கமிருந்து வருபவருக்கு வலதுபுறம். ஆகவே "தக்கலையிலிருந்து வரும்போது" என்ற சொல் முதலில் வர வேண்டும். தூரத்தை "கொஞ்சம்" என்றோ "ரெண்டு நிமிஷம்" என்றோ சொல்லாதீர்கள். நமக்கு அது நடக்கும் நேரம், அவருக்கு பைக் ஓடும் நேரம். மீட்டரில் சொல்லுங்கள், அல்லது எத்தனையாவது சந்து என்று எண்ணிச் சொல்லுங்கள்.

எந்த அடையாளத்தை எடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை, இரவு எட்டு மணிக்கு ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிற ஒருவரின் கண்ணுக்கு அது ரோட்டிலிருந்தே தெரிகிறதா என்பது. தண்ணீர்த்தொட்டி, டிரான்ஸ்பார்மர், பெயர்ப்பலகை உள்ள ரேஷன் கடை தெரியும். "ஹாஜியார் வீடு" தெரியாது. ஒரே தெருவில் நாலு ஹாஜியார் இருப்பார்கள். பள்ளிவாசலைச் சொல்வதானால் நாம் வாயால் சொல்லும் பெயரை விட்டுவிட்டு, வாசல் பலகையில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லுங்கள். கட்டி நாற்பது வருஷமான பள்ளியை நாம் இன்னும் "புதுப்பள்ளி" என்கிறோம். அந்தப் பெயர் பலகையிலும் கிடையாது, மேப்பிலும் கிடையாது.

அந்தப் பெரியவர் வீட்டு விலாசத்தை மறுநாள் வீட்டாருடன் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். "தக்கலையிலிருந்து வரும்போது, பள்ளிவாசல் மினாரா வலதுபுறம் வரும். அதைத் தாண்டி சுமார் 150 மீட்டரில் இடதுபுறம் டிரான்ஸ்பார்மர். அதை ஒட்டிய சிமெண்ட் சந்தில் இடது திரும்பவும். வலதுபுறம் மூன்றாவது வீடு, பச்சை கேட். ரேஷன் கடை வந்துவிட்டால் சந்தைத் தாண்டிவிட்டீர்கள்." இதில் கடைசி வரி பெரியவரின் மகள் சேர்த்தது. எங்கே நிற்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வோம். தவறவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது என்று யாரும் சொல்வதில்லை. மெஷினை மாற்ற இரண்டாம் முறை வேறொரு டிரைவர் போனார். ஒரு போன்கூட வரவில்லை.

மொபைலில் இருப்பிடம் அனுப்பினால் இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அனுப்பினால் நல்லதுதான், ஆனால் பள்ளிவாசல் பெயரைத் தட்டித் தேர்ந்தெடுத்தால் புள்ளி பள்ளிவாசலில்தான் விழும். அதை விரலால் நகர்த்தி உங்கள் கேட்டின் மேல் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் Send your current location என்பதன் கீழே எத்தனை மீட்டர் துல்லியம் என்று காட்டும். கான்கிரீட் வீட்டுக்குள் இருந்தால் அந்த எண் பெரிதாக இருக்கும். வாசலுக்கு வந்து, எண் குறைந்த பிறகு அனுப்புங்கள். அனுப்புகிறவர் அந்த நேரம் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷார்ஜாவிலிருந்து அனுப்பினால் ஷார்ஜாதான் போகும். அஞ்சல் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறி, சுமார் நாலு மீட்டர் சதுரம் வரை இடத்தைக் காட்டக்கூடியது. எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் சந்துக்குள் எந்தக் கேட், எந்தப் பக்கம் வாசல் என்று அது சொல்லாது.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. நம் ஊர் தெரியாத ஒரு சொந்தக்காரரிடம் அந்தச் சீட்டை மட்டும் கொடுத்து, போன் பண்ணாமல் வரச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் வண்டியை நிறுத்தி யோசித்தாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். திருத்திய சீட்டின் ஒரு நகலை டிரஸ்ட் அலுவலகத்தில் தந்தால் உங்கள் குடும்பப் பதிவில் ஒட்டி வைப்போம். வீட்டில் இருப்பவர் நம்பரை மேலேயும், வெளிநாட்டு நம்பரைக் கீழேயும் எழுதுங்கள்.