உரைப் பதிவில் எதிரொலி: எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது

கல்யாண மண்டபத்தில் ஓர் உழவர் கூட்டம். வேளாண் அதிகாரி உர மேலாண்மை பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார். நான்கு மீட்டர் தள்ளி நாற்காலியில் வைத்த கைபேசி அதைப் பதிவு செய்கிறது. வீட்டில் போட்டுக் கேட்டால் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. வரமுடியாதவர்களுக்கு வாட்சப்பில் அனுப்புமுன் சரிசெய்ய நினைப்பவர், கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து இரைச்சல் நீக்கியை முழு அளவுக்குத் திருப்புகிறார். பதிவு பெரும்பாலும் இங்கேதான் பாழாகிறது.

இரைச்சல் வேறு, எதிரொலி வேறு. மின்விசிறியின் உறுமல் பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அதன் மாதிரியைக் காட்டினால் மென்பொருள் அதைக் கழித்துவிடும். எதிரொலியோ பேசுபவரின் குரலேதான். டைல்ஸ் தரையிலும் வெறும் சுவரிலும் பட்டு, கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்த குரல். அதைக் கழிக்கப் போனால் குரலும் சேர்ந்து கழியும்.

அதனால் இரைச்சல் நீக்கியை விசிறிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முதலில் மூலப் பதிவை நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். யாரும் பேசாத ஓரிரு நொடிகளைத் தேர்ந்தெடுத்து, Noise Reduction-இல் Get Noise Profile-ஐ அழுத்துங்கள். பேச்சு நின்ற மறுகணத்தை மாதிரியாக எடுக்கக்கூடாது. எதிரொலியின் வால் அதில் ஒட்டியிருக்கும். மென்பொருள் குரலையே இரைச்சல் என்று எண்ணிக்கொள்ளும். அந்த வால் முழுதும் அடங்கிய இடம் வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, 6 டெசிபெல் அளவுக்குக் குறையுங்கள். 20 வரை போனால் குரல் தண்ணீருக்கடியில் குமிழியிடும்.

அளவு மீறியதா என்று அறிய அதே சாளரத்தில் Residue என்றொரு தேர்வு இருக்கிறது. நீக்கப்படப்போவதை மட்டும் அது ஒலிக்கவிடும். அதில் விசிறி மட்டும் கேட்டால் நல்லது. சொற்கள் கேட்டால் பேச்சைத் தின்கிறீர்கள். கேட்டபின் தேர்வை Reduce-க்கு மாற்ற மறக்க வேண்டாம்.

தமிழில் இப்படிப் பேச்சு தேய்வது காது சம்பந்தப்பட்ட குறை மட்டுமல்ல, பொருளையும் மாற்றும். பேச்சில் 'போடலாம்' என்பதன் கடைசி 'ம்' மெல்லிய மூக்கொலிதான். எதிரொலி குறிலையும் நெடிலையும் குழப்பும். அளவு மீறிய நீக்கம் அந்த மூக்கொலியையும் அறுக்கும். 'யூரியா போடலாம்' என்று சொன்னது 'யூரியா போடல' என்று காதில் விழலாம்.

அடுத்தது ஈக்வலைசர். எதிரொலியை இதுவும் நீக்காது; அறை எந்தச் சுரத்தில் அதிகம் முழங்குகிறதோ அதை மட்டும் தணிக்கும். Filter Curve EQ-வில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். அங்கே பேச்சில்லை, அதிர்வுதான். குடம் போன்ற ஒலி பெரும்பாலும் 300 முதல் 600 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். வளைவில் ஒரு குறுகிய மேட்டை உண்டாக்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வோர் இடத்திலும் கேளுங்கள். முழக்கம் எங்கே அருவருப்பாகிறதோ, அங்கே மேட்டைப் பள்ளமாக்கி 4 டெசிபெல் குறையுங்கள். 3000 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் கூட்டினால் மெய்யெழுத்துகள் தெளியும். ஒலியை இறுக்கிச் சத்தத்தைக் கூட்டும் கம்ப்ரசரைத் தவிர்ப்பது நல்லது. அடங்கிக்கொண்டிருந்த எதிரொலி வாலை அது மேலே தூக்கிவிடும்.

இவ்வளவு செய்தாலும் மண்டபம் மண்டபமாகத்தான் கேட்கும். அடுத்த கூட்டத்தில் கைபேசியை நான்கு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபெல் உயரும். எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். எந்த ஈக்வலைசரும் இதைத் தராது.

சட்டமும் இங்கே உண்டு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் உரையாற்றுபவரையும் 'நிகழ்த்துநர்' என்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கோ நேர்மையான கற்பித்தல், ஆய்வுக்கு மட்டுமோ பதிவு செய்வது அவருடைய நிகழ்த்துரிமையை மீறுவதாகாது (பிரிவு 39). யூடியூபில் பொதுவில் ஏற்றுவது அந்த விலக்குக்குள் அடங்கும் என்று நம்பிவிடாமல், அனுமதி கேளுங்கள். 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவின்படி, தம் பெயருக்குக் களங்கம் வரும்படி பதிவு சிதைக்கப்பட்டால் அவர் தடுக்கலாம், இழப்பீடும் கோரலாம். வெறும் தொழில்நுட்பக் காரணத்துக்கான திருத்தம் களங்கமாகக் கருதப்படாது. 'போடலாம்' 'போடல' ஆகி, அவர் அப்படிச் சொன்னதாகப் பரவினால் நிலைமை வேறு. எனவே திருத்திய பதிவை அவருக்குக் கேட்கக் கொடுத்து, சம்மதத்தை ஒரு வாட்சப் செய்தியாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். தொடாத மூலக் கோப்பைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் வந்தால் எடுத்துக்காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.