சேர்ந்து வராதவை சார்பற்றவை ஆகுமா?

ஒரு பகடையை உருட்டுகிறோம். இரட்டை எண் விழுவது ஒரு நிகழ்ச்சி, ஒற்றை எண் விழுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து நிகழாது; இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். சேர்ந்து வராததால் இவற்றுக்குள் தொடர்பே இல்லை என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான். உண்மையில் தொடர்பு மிக இறுக்கமானது: இரட்டை விழுந்தது தெரிந்தாலே ஒற்றையின் நிகழ்தகவு 1/2-இலிருந்து 0 ஆகிவிடுகிறது.

சார்பிலா நிகழ்ச்சிகளில் ஒன்றைப் பற்றிய செய்தி மற்றதன் நிகழ்தகவை அசைக்காது. ‘இரட்டை எண்’, ‘4 அல்லது அதற்குக் குறைவு’ இரண்டையும் பாருங்கள். இரண்டாவதன் நிகழ்தகவு 4/6. இரட்டை விழுந்தது என்று தெரிந்தபின் 2, 4, 6 மட்டுமே மிச்சம். அவற்றில் இரண்டு பொருந்துகின்றன. 2/3, அதாவது அதே மதிப்பு. இவை சேர்ந்தும் நிகழும், சார்பற்றும் இருக்கும். வரம்பை 3 ஆக்கினால் 1/2 என்பது 1/3 ஆகிறது; சார்பின்மை போய்விடும், ஆனால் 2 விழக்கூடும் என்பதால் விலக்கலும் இல்லை.

வினாத்தாளில் P(A) = 0.4, P(A∪B) = 0.7 என்று தந்து P(B) கேட்பார்கள். விலக்கும் நிகழ்ச்சிகள் என்றால் கழித்தால் போதும், 0.3. சார்பிலா என்றால் P(A∩B) = 0.4 × P(B). அதையும் சேர்த்தால் 0.6 × P(B) = 0.3, விடை 0.5.