அறுபது டிகிரியில் வேகும் கோழி

அமெரிக்காவில் சமையல் கலைஞர் சான்றிதழுக்குப் படிப்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பாடத்தில் மனப்பாடமாக வைத்திருக்கும் ஓர் எண் 74. கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் அதைப் பரிமாறலாம். அங்குள்ள எஃப்.டி.ஏ.வின் உணவு விதித்தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்கன் கலினரி ஃபெடரேஷன் என்ற சமையல் கலைஞர்கள் அமைப்பு, சான்றிதழ் கேட்டு வருபவர்களிடம் 30 மணி நேர உணவுப் பாதுகாப்புப் படிப்பை எதிர்பார்க்கிறது. அந்தப் படிப்பை முடித்தவர் நல்ல உணவகம் ஒன்றில் வேலைக்குச் சேர்கிறார். அங்கே பிளாஸ்டிக் பையில் காற்றை உறிஞ்சி மூடிய கோழி மார்புத்துண்டு, 60 டிகிரியை ஒட்டிய வெந்நீர்த் தொட்டியில் கிடக்கிறது. சூ வீட் என்ற பிரெஞ்சு முறை அது. 1974இல் ஷெஃப் ஜார்ஜ் பிராலு, த்ருவாக்ரோ உணவகத்துக்காக வாத்து ஈரலை இப்படிச் சமைத்துக் காட்டிய பிறகு உலகெங்கும் பரவியது.

படித்த எண்ணும் சரி, தொட்டியில் இருக்கும் எண்ணும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்பதைப் புரிந்துகொண்டவரிடம்தான் அந்தத் தொட்டியை நம்பி ஒப்படைக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

நாம் தினமும் வாங்கும் பாக்கெட் பாலிலேயே இதற்கு விடை இருக்கிறது. பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலும் பாஸ்சரைசேஷன்தான், 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தாலும் பாஸ்சரைசேஷன்தான். கிருமியைக் கொல்வது சூடு மட்டுமல்ல, அந்தச் சூட்டில் அது எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் சேர்ந்துதான். கோழிக்கும் இதே கணக்கு.

கோழியில் முதலில் அஞ்ச வேண்டியது சால்மொனெல்லா. 60 டிகிரியில் அது ஒரே நொடியில் சாவதில்லை. கொழுப்புள்ள கோழிக்கறியில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பத்தில் ஒன்பது பங்கு சாகும். ஒரு கோடி கிருமி இருந்தால் ஐந்து நிமிடத்தில் பத்து லட்சம், இன்னும் ஐந்து நிமிடத்தில் ஒரு லட்சம், பிறகு பத்தாயிரம், ஆயிரம், நூறு, பத்து. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் மிஞ்சுவது ஒன்று. இப்படிப் பத்தில் ஒன்றாக ஏழு முறை குறைப்பதைத்தான் ஏழு லாக் குறைப்பு என்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறை கோழிக்கு எதிர்பார்க்கும் அளவு அது. அந்தத் துறை வெளியிட்ட அட்டவணையில் 60 டிகிரிக்கு நேரே, கொழுப்பு மிகக் குறைந்த கறிக்கு சுமார் 25 நிமிடமும் கொழுப்பு கூடிய கறிக்கு 35 நிமிடமும் இருக்கும். அதே அட்டவணையில் 74 டிகிரிக்கு வந்தால் பத்து விநாடிகூட வேண்டியதில்லை. வெப்பமானியைக் குத்தி 74 என்று பார்த்த உடனே முடிவு சொல்லிவிடலாம் என்பதால் அந்த எண் பொது விதியானது. ஆனால் அந்தச் சூட்டில் மார்புக்கறியின் புரதம் இறுகி நீரைப் பிழிந்து தள்ளிவிடும். 60இல் நீர் கறியிலேயே தங்கும். பான் அடுப்பில் 60 டிகிரியைப் பிடித்து நிறுத்த முடியாது. வெந்நீர்த் தொட்டியில் முடியும்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. 35 நிமிடம் என்பது பை தண்ணீரில் விழுந்த நேரத்திலிருந்து அல்ல, துண்டின் நடுப்பகுதி 60ஐத் தொட்ட நேரத்திலிருந்து. குளிர்பெட்டியில் 5 டிகிரியில் இருந்த, 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொட்டி 61 டிகிரியில் இருக்கிறது. நடுப்பகுதி 60க்கு வர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவே ஆகும். அதற்குப் பிறகு 35 நிமிடம். ஆக மொத்தம் சுமார் ஒரு மணி நாற்பது நிமிடம். சூடேறும் வழியிலேயே கொஞ்சம் கிருமி செத்திருக்கும், அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நமக்குக் கூடுதல் பாதுகாப்பு. துண்டின் தடிமன் இரு மடங்கானால் சூடேறும் நேரம் இரு மடங்கோடு நிற்காது. 50 மில்லிமீட்டர் துண்டின் நடுவே சூடு போய்ச் சேர மூன்றரை மணி நேரம் வரை ஆகும். அதனால் தேர்ந்த சமையலறையில் துண்டுகளை எடை போடுவதோடு விடாமல் தடிமனையும் அளப்பார்கள்.

வெப்பமானி இரண்டு டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் 60, கறியின் நடுவில் உண்மையில் 58. அந்தச் சூட்டில் அதே ஏழு லாக் குறைப்புக்கு ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். நாம் 35 நிமிடத்தில் எடுத்துவிட்டால் ஒரு கோடியில் சில ஆயிரம் உயிரோடு இருக்கும். பார்வைக்கும் ருசிக்கும் இரண்டு கறியும் ஒன்றுதான். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வெப்பமானியை வைத்து, சுழியம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கறியின் சூட்டை அளக்க, பையின் மேல் தடித்த நுரைப் பட்டை ஒன்றை ஒட்டி, அதன் வழியே மெல்லிய ஊசிமுனையை நடுப்பகுதிவரை செலுத்துவார்கள். பட்டை ஊசியை இறுகப் பிடித்துக்கொள்வதால் பைக்குள் காற்றோ தண்ணீரோ போகாது. பை மிதந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தாலும் கணக்கு கெட்டுவிடும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்துக்குத் தண்ணீரின் சூடு சேராது.

சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்றால், முடியாது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி 52 டிகிரி வரை வளரக்கூடியது. அதற்குக் கீழே நீண்ட நேரம் வைப்பது கிருமியை வளர்ப்பதாகிவிடும். மாட்டிறைச்சிக்கான அமெரிக்க அட்டவணை 54.4 டிகிரியில் தொடங்குவதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் இது பாஸ்சரைசேஷன்தான், முழுக் கிருமிநீக்கம் அல்ல. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினத்தின் வித்துகள் 60 டிகிரியில் அசையாது. குளிரிலும் வளரும் வகையின் வித்துகளை ஒழிக்கவே 90 டிகிரியில் பத்து நிமிடம் வேண்டும். காற்றில்லாத இடம் அதற்குப் பிடித்த இடம், மூடிய பை அதைத்தான் கொடுக்கிறது. போட்டிக்கு நிற்கும் மற்றக் கிருமிகளையும் நாமே கொன்றுவிட்டோம். உடனே பரிமாறினால் கவலையில்லை. எடுத்து வைத்து மறுநாள் பரிமாறுவதென்றால், சூடாக்கியதைவிடக் குளிர வைப்பதில்தான் உயிர் இருக்கிறது. பையோடு ஐஸ் தண்ணீரில் போட்டு, 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5க்கும் கொண்டுவர வேண்டும். அதன் பிறகும் அந்த நச்சுக் கிருமி 3 டிகிரி வரை மெல்ல வளரும் என்பதால், 5 டிகிரியில் ஏழு நாள்தான் கெடு என்று விதி வரையறுக்கிறது. குளிர்பெட்டியின் சூட்டை மின்னணுக் கருவி ஓயாமல் பதிவு செய்துகொண்டிருக்கவும் வேண்டும்.

2006இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையினர் சில பெயர்பெற்ற உணவகங்களில் புகுந்து, இப்படிப் பையில் அடைத்த உணவைத் தூக்கி எறியச் சொன்னார்கள். சமைத்தவர்களுக்கு வித்தை தெரிந்திருந்தது. கேட்கப்பட்டது ஹேசப் என்ற எழுத்துத் திட்டம்: எந்தப் படியில் என்ன ஆபத்து, எந்த அளவு எல்லை, யார் எப்போது அளப்பது, எல்லை தவறினால் என்ன செய்வது. மேலே சொன்ன கோழிக்கு அந்தத் திட்டத்தில் ஒரு வரி இப்படி இருக்கும்: நடுப்பகுதி 60ஐத் தொட்டதும் நேரத்தைக் குறி, 35 நிமிடத்துக்குள் சூடு இறங்கினால் மீண்டும் 60 வந்த பிறகு நேரத்தை முதலிலிருந்து எண்ணு, சூடு ஏறாமல் தொட்டி நின்றுபோய் எவ்வளவு நேரமானது என்று தெரியாவிட்டால் பையைக் குப்பையில் போடு. 74இன் இடத்தில் 60ஐ வைக்க விரும்பும் உணவகம், இந்தத் திட்டத்தோடு உள்ளூர் சுகாதார அதிகாரியிடம் தனி அனுமதியும் வாங்க வேண்டும்.