அடையாளம் சார்ந்த பழக்கமும் 41 நாள் மாலையும்

அடையாளம் சார்ந்த பழக்கம் என்பது, நாம் எப்படிப்பட்ட மனிதராக வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அப்படிப்பட்டவர் அன்றாடம் செய்வதை இன்றிலிருந்தே செய்துவரும் முறையாகும். பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று நடப்பவர், எடை குறைந்ததும் நடையை நிறுத்திவிடக்கூடும். "நான் தினம் நடக்கிறவன்" என்று எண்ணுபவருக்கு அப்படி நிறுத்த ஓர் இடம் கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் கிளியர் 2018இல் வெளியிட்ட 'அட்டாமிக் ஹாபிட்ஸ்' என்ற நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது. ஆனால் நம் ஊர்த் தெருக்களில் ஒவ்வொரு கார்த்திகையிலும் இதைப் பார்க்கலாம்.

சபரிமலைக்குச் செல்பவர் கார்த்திகை முதல் நாள் குருசாமி கையால் துளசி அல்லது உருத்திராட்ச மாலை அணிகிறார். அந்த நிமிடம் முதல் அவர் 'சாமி'. மனைவி, பிள்ளைகள், டீக்கடைக்காரர் எல்லோரும் அப்படியே அழைக்கிறார்கள். கறுப்பு அல்லது நீல வேட்டி, காலில் செருப்பு கிடையாது, இரு வேளைக் குளியல், சைவ உணவு. மதுவும் புகையும் கிடையாது. மலைக்குப் போனபின் படிப்படியாக நல்லவராகலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை. பெயர் முதலில் வருகிறது, நடத்தை உடனே அதைப் பின்தொடர்கிறது. கூப்பிடுகிறவர்களும் உடையும் அதை நாள் முழுக்க நினைவூட்டுகின்றன.

புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் தெருவில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் இருந்தார். பல ஆண்டுகள் மாலை போட்டவர். 41 நாளும் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார். நண்பர்கள் அழைத்தால் "மாலை போட்டிருக்கேன்" என்ற ஒரு சொல் போதும், யாரும் வற்புறுத்துவதில்லை. ஊர் திரும்பி மாலையைக் கழற்றிய வாரமே பழையபடி சாராயக்கடையில் நிற்பார். இதை மன உறுதிக் குறைவு என்று நான் கருதவில்லை. அவர் ஏற்றிருந்த அடையாளத்துக்குக் கழற்றும் நாள் என்று ஒன்று இருந்தது. கழற்றியபின் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்பதற்கு அவரிடம் சொல் இல்லை.

(நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் மாலை போடும் முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.)

ஓர் ஆண்டு அவர் மாலையைக் கழற்றியபின் இரண்டை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார். ஒன்று, விடியற்காலைக் குளியல். மற்றொன்று, மாலை ஏழு மணிக்குக் கடைப்பக்கம் போகாமல் விளையாட்டரங்கப் பக்கம் நடை. கேட்டவர்களிடம் "விட்டுட்டேன்" என்று சொல்லாமல் "நான் குடிக்கிறதில்ல" என்றார். முதல் சொல்லில் இழப்பு தெரிகிறது, "ஏன் விட்ட?" என்ற கேள்விக்கு இடம் இருக்கிறது. இரண்டாவதில் பேச்சு முடிந்துவிடுகிறது.

தையில் ஒரு திருமண வீட்டில் அவர் குடித்துவிட்டார். மறுநாள் "நான் அதுக்கெல்லாம் லாயக்கில்ல சார்" என்றார். இந்த முறையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியான ஓர் ஆய்வில், "உதவி செய்வது" பற்றிக் கேட்டவர்களைவிட "உதவுபவராக இருப்பது" பற்றிக் கேட்டவர்கள் அதிகம் உதவினார்கள். பின்னர் வேறு ஆய்வாளர்கள், குழந்தைகள் உதவப் போய்த் தவறு நேர்ந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். 'உதவுபவர்' என்று கேட்ட குழந்தைகளே அதிகம் சோர்ந்தார்கள். செயல் தவறினால் மறுபடி செய்யலாம். ஆள் தவறிவிட்டதாகத் தோன்றினால் எழுவது கடினம். வகுப்பில் "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டிய பிள்ளை, ஒரு தேர்வில் குறைந்ததும் புத்தகத்தையே மூடிவைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பெயரைக் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்வது நல்லது. "நான் குடிக்காதவன்" என்பது ஒரே இரவில் உடைந்துவிடும். "நான் தவறினாலும் காலையில் குளித்து நடக்கப் போகிறவன்" என்பது உடையாது, ஏனெனில் மறுநாள் செய்ய வேண்டியது அதற்குள்ளேயே இருக்கிறது. அடையாளம் பிடிக்கிறதா என்று அறியவும் ஒரு வழி உண்டு. யாரும் பார்க்காத நாளில், மாலையோ வேட்டியோ இல்லாதபோது, அந்தச் செயல் நடக்கிறதா என்று கவனிக்கலாம். நடக்கவில்லை என்றால் பெயர் இன்னும் மற்றவர்கள் வாயில்தான் இருக்கிறது.

அவரிடம் மறுநாள் விடியற்காலை குளித்தாரா என்று மட்டும் கேட்டேன். குளித்திருந்தார். அன்று மாலை நடக்கவும் வந்தார். பிறகு ஒருமுறை ஆனியில் தவறினார், அதன்பின் இல்லை. அடுத்த கார்த்திகையில் மறுபடி மாலை போட்டபோது, அவர் புதிதாக விட வேண்டியிருந்தது மீனை மட்டும்தான்.